சுவர்த் தடத்தின் படத்தை வைத்து வெள்ள ஆழம் கணக்கிட்டு இன்சூரன்ஸுக்கு அறிக்கை தருவது எப்படி?

குன்னூரில் ஓடையை ஒட்டிய சித்தப்பா வீட்டுக்குள் ஐப்பசி மழையில் தண்ணீர் புகுந்தது. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து கிடந்ததால், சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பிய சர்வேயர் உடனே வர முடியவில்லை. அவர் வருவதற்குள் சித்தி சுவரைக் கழுவி, நாற்றம் போக சுண்ணாம்பும் அடித்துவிட்டார். குழந்தை இருக்கிற வீட்டில் வேறென்ன செய்வார்கள்? மிஞ்சியது போனில் எடுத்த ஒரு படம். அதில் சமையலறைச் சுவரில் சேற்றுக்கோடு தெரிகிறது, ஆனால் பக்கத்தில் டேப் இல்லை. "எவ்வளவு உயரம், எத்தனை சதுர அடி பாதிப்பு? எழுதிக் கொடுங்கள்" என்றார் சர்வேயர்.

எழுதிக் கொடுத்தோம், அவர் ஏற்றுக்கொண்டார். இடையில் யாரும் சொல்லித் தராமல் தட்டித் தடவிக் கற்றதை வரிசையாக இங்கே தருகிறேன். மலை வீடுகளுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு, அவற்றைச் சேர்த்தே சொல்கிறேன்.

## 1. முதலில் தகவல் கொடுங்கள், அறிக்கை அப்புறம்

தண்ணீர் வடிந்த அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பாலிசி எண், தேதி, தோராயமான நேரம், முகவரி, "மழை வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது" என்ற ஒரு வரி போதும். மின்னஞ்சலில் அனுப்பினால் தேதிக்குச் சாட்சி இருக்கும். போனில் சொன்னால் கிளைம் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள்.

அந்த ஒரு வரியில் "நீர்க் கசிவு" என்ற சொல் வரக்கூடாது. 2021 ஏப்ரலிலிருந்து வீடுகளுக்கு விற்கப்படும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியிலும், சிறு கடைகளுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷாவிலும் வெள்ளமும் நீர் சூழ்தலும் காப்புக்குள் வருகின்றன. சுவர் வழியே மெல்லக் கசிவது அப்படி வராது. மலையில் பாதி வீடுகளின் பின்சுவர் வெட்டிய மண்மேட்டை ஒட்டி நிற்கிறது, மழைக்காலம் வந்தாலே கசியும். சர்வேயருக்கும் அது தெரியும் என்பதால் முதல் சந்தேகமே அங்கேதான் போகும்.

## 2. படத்தில் இருப்பது வெள்ளக் கோடுதானா என்று பாருங்கள்

தேங்கிய தண்ணீர் விட்டுப்போகும் கோடு ரசமட்டம் வைத்தது மாதிரி நேராக இருக்கும். மெல்லிய சேறு, சருகுத் துணுக்கு, சில சமயம் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். ஒரே அறையின் நான்கு சுவர்களிலும், கதவிலும், பீரோவிலும் ஒரே மட்டத்தில் ஓடும். தண்ணீர் வடியும்போது ஆங்காங்கே நின்று நின்று இறங்குவதால் கீழே இரண்டு மூன்று கோடுகள் இருக்கலாம். அதிகபட்ச ஆழத்துக்கு மேல்கோடுதான் கணக்கு.

ஈரம் ஏறிய தடம் வேறு மாதிரி. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர் தண்ணீரை உறிஞ்சி, வெள்ள மட்டத்துக்கு மேலும் ஒரு சாண், ஒரு முழம் என்று ஏற்றிக்கொள்ளும். அதன் விளிம்பு அலை அலையாக இருக்கும், சேறு இருக்காது, சில நாள் கழித்து வெள்ளையாக உப்புப் பூக்கும். இதை ஆழம் என்று எழுதினால் சர்வேயர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அதன்பிறகு உங்கள் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்.

வெளிச்சுவர்க் கோட்டையும் நம்பாதீர்கள். மலையில் தண்ணீர் நிற்பதில்லை, ஓடுகிறது. ஓடும் தண்ணீர் சுவரில் மோதினால் எகிறும். நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் வந்தால் ஏறக்குறைய 11 செ.மீ., இரண்டு மீட்டர் வேகம் என்றால் 20 செ.மீ. வரை கோடு கூடுதலாக விழலாம். போதாததற்கு, சரிவில் ஓடும் நீரின் மேல்மட்டமே சரிவாக இருக்கும். ஆகவே வீட்டுக்குள், தண்ணீர் தேங்கி நின்ற இடத்துக் கோட்டை மட்டும் எடுங்கள்.

## 3. படத்தின் மூலக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள்

போனில் எடுத்த அசல் கோப்பில் தேதியும் நேரமும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, அந்த விவரமும் போய்விடும். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். வெட்டவோ, வெளிச்சம் கூட்டவோ, அம்புக்குறி போடவோ வேண்டுமா? ஒரு நகலில் செய்யுங்கள், அசலைத் தொடாதீர்கள்.

இன்னும் சுவரைக் கழுவவில்லை என்றால் உங்களுக்குப் பாதி வேலை குறைந்தது. டேப்பைச் சுவரோடு ஒட்டி, பூஜ்ஜியம் தரையில் படும்படி நிறுத்தி, கேமராவைக் கோட்டின் உயரத்துக்கே இறக்கி, சுவருக்கு நேர் எதிரே நின்று எடுங்கள். அகலமாகக் காட்டுகிற 0.5 லென்ஸ் வேண்டாம், ஓரங்களை வளைத்துவிடும். அறைக்கு ஒரு படம் எடுத்துவிட்டு அடுத்த இரண்டு படிகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

## 4. டேப் இல்லாத படத்திலிருந்து உயரம் எடுப்பது

கோடு படிந்த சுவரிலேயே, அதன் பக்கத்திலேயே, உயரம் அளக்கக்கூடிய இரண்டு பொருள் வேண்டும். எங்கள் படத்தில் சமையலறையின் பின்கதவு இருந்தது. சேற்றுக்கோடு கதவு நிலையின் மேலேயே ஓடியது. இப்போது போய் டேப்பால் அளந்தோம்: தரையிலிருந்து தாழ்ப்பாள் 100 செ.மீ., நிலையின் மேல்விளிம்பு 205 செ.மீ.

படத்தைக் கம்ப்யூட்டரில் பெயிண்டில் திறந்தால், மவுஸ் நிற்கும் இடத்தின் பிக்சல் எண் கீழே தெரியும். தரை, கோடு, தாழ்ப்பாள், நிலையின் மேல்விளிம்பு ஆகிய நான்கு இடங்களிலும் குத்து எண்ணைக் குறித்துக்கொண்டோம். பெயிண்ட் படத்தின் மேலிருந்து கீழே எண்ணுவதால், தரையின் எண்ணிலிருந்து மற்ற மூன்றையும் கழித்தோம். இப்படித் தரையிலிருந்து மேல்நோக்கி எண்ணினால் கோடு 618 பிக்சல், தாழ்ப்பாள் 1036, நிலையின் உச்சி 2382.

எல்லோரும் விழுகிற பள்ளம் இங்கேதான் இருக்கிறது. 2382 பிக்சலுக்கு 205 செ.மீ. என்றால் ஒரு செ.மீ.க்கு 11.62 பிக்சல், 618-ஐ அதால் வகுத்தால் 53 செ.மீ. பார்க்க நியாயமான கணக்கு, ஆனால் விடை தப்பு. நின்றபடி போனைக் கீழே சாய்த்து எடுத்த படத்தில் தரைப்பக்கம் தள்ளிப்போய்ச் சுருங்கியும், மேல்பக்கம் நீண்டும் விழும். அதனால் ஒரே வீதத்தை முழு உயரத்துக்கும் போட முடியாது. தாழ்ப்பாள் வரைக்கும் மட்டும் பார்த்தால் வீதம் 10.36. இரண்டு வீதமும் ஒத்துப்போகவில்லை என்றாலே படம் சாய்வானது என்று அர்த்தம்.

இதைச் சரிசெய்ய ஒரு எளிய வழி உண்டு. தரையிலிருந்து எண்ணிய பிக்சலைச் செ.மீ.ஆல் வகுத்து வரும் இந்த வீதம், பிக்சல் உயரம் ஏற ஏற ஒரே சீராகக் கூடும். அதனால் இரண்டு இடத்து வீதம் தெரிந்தால் கோட்டு இடத்து வீதத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

```
(11.62 - 10.36) / (2382 - 1036) = 0.000936
10.36 - (1036 - 618) x 0.000936 = 9.97
618 / 9.97 = 62
```

ஆக ஆழம் 62 செ.மீ. முதல் கணக்குக்கும் இதற்கும் 9 செ.மீ. வித்தியாசம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அடுத்த படியில் புரியும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. நான்கு இடமும் ஒரே குத்துக்கோட்டில், ஒரே சுவர்த் தளத்தில் இருக்கவேண்டும். சுவரை விட்டு முன்னால் நிற்கும் ஸ்டூலையோ கேஸ் சிலிண்டரையோ அளவுகோலாக எடுத்தால் விடை கோணும். சேற்றுக்கோடே விரல் தடிமன் இருக்கும், தண்ணீர் அலைந்தும் இருக்கும். அதனால் அறிக்கையில் "62 செ.மீ., கூடக்குறைய 2 செ.மீ." என்றே எழுதினோம். தசமப் புள்ளி போட்டு 61.99 என்று எழுதினால் துல்லியம் கூடாது, சந்தேகம்தான் கூடும்.

## 5. ஒரு கோட்டிலிருந்து எல்லா அறைக்கும்

சமவெளி வீட்டில் ஒரு அறையில் 62 என்றால் அடுத்த அறையிலும் ஏறக்குறைய அதுதான். மலை வீட்டில் அப்படி இல்லை. சரிவில் படிப்படியாக வெட்டிக் கட்டியதால் ஒவ்வொரு அறையின் தரையும் ஒவ்வொரு மட்டத்தில் இருக்கிறது. தேங்கிய தண்ணீரின் மேல்மட்டம் ஒன்றுதான். ஆழம் அறைக்கு அறை மாறும். "வீடு முழுக்க இரண்டடித் தண்ணீர்" என்று எழுதினால் சர்வேயர் கேள்வி கேட்பது இதனால்தான்.

இதற்குக் கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல் போதும். அது தண்ணீர் நிரப்பிய குழாய், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இல்லாவிட்டால் ஹார்டுவேர் கடையில் தெளிவான பிளாஸ்டிக் குழாய் பத்துப் பன்னிரண்டு மீட்டர் வாங்குங்கள். காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பவேண்டும். ஒரு குமிழி நின்றாலும் மட்டம் பொய் சொல்லும், குழாயைத் தட்டித் தட்டி வெளியேற்றுங்கள்.

சமையலறைத் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் பென்சில் கோடு போட்டோம். அதே மட்டத்தைக் குழாய் வைத்து எல்லா அறைச் சுவர்களுக்கும் கடத்தினோம். பிறகு ஒவ்வொரு அறையிலும் அந்தக் கோட்டிலிருந்து தரை வரை அளந்தோம். நடுக்கூடத்தில் 112, முன்னறையில் 93, படுக்கையறையில் 74 வந்தது. அதாவது சமையலறைத் தரையைவிட அவை முறையே 38, 57, 76 செ.மீ. உயரம். 62-இலிருந்து இவற்றைக் கழித்தால் நடுக்கூடத்தில் 24 செ.மீ., முன்னறையில் 5 செ.மீ. தண்ணீர் நின்றிருக்கிறது. படுக்கையறைத் தரை தண்ணீருக்கு 14 செ.மீ. மேலே இருந்திருக்கிறது, நனையவே இல்லை.

முன்படியில் வந்த அந்தத் தப்பான 53-ஐ வைத்திருந்தால் முன்னறையே நனையவில்லை என்று ஆகியிருக்கும். மொத்த இழப்பில் பெரும்பங்கு அந்த அறையில்தான் இருந்தது.

கணக்கு சரிதானா என்று பார்க்க, கழுவாத ஏதாவது ஒரு சாட்சியைத் தேடுங்கள். எங்களுக்கு நடுக்கூடத்து இரும்பு பீரோ கிடைத்தது. அதன் பின்பக்கம் யாரும் துடைக்கவில்லை, துருக்கோடு அப்படியே இருந்தது. தரையிலிருந்து அளந்தால் 23 செ.மீ. கணக்குப்படி 24 வரவேண்டும், ஒரு செ.மீ.தான் வித்தியாசம். அந்தப் படத்தை டேப்போடு எடுத்து அறிக்கையில் சேர்த்தோம். பின்சுவரில் கசிந்த தண்ணீர் நடுக்கூடத்துப் பீரோவில் நேர்க்கோடு போடாது என்பதால் கசிவுச் சந்தேகமும் அதோடு முடிந்தது. பீரோவை நகர்த்தியிருந்தால் மட்டும் இந்தச் சாட்சி செல்லாது.

## 6. நனைந்த பரப்பு வேறு, சேதமான பரப்பு வேறு

அறைகளின் உள்ளளவை, சுவருக்குச் சுவர் எடுங்கள். வீட்டுவரி ரசீதில் இருக்கும் சதுர அடியை எடுத்து எழுதாதீர்கள், அதில் சுவர்த் தடிமனும் நனையாத அறையும் சேர்ந்திருக்கும்.

சமையலறை 3.0க்கு 2.6 மீட்டர், அதாவது 7.8 சதுர மீட்டர். நடுக்கூடம் 4.2க்கு 3.3, அதாவது 13.86. முன்னறை 3.6க்கு 3.0, அதாவது 10.8. நனைந்தது மொத்தம் 32.46 சதுர மீட்டர், சுமார் 349 சதுர அடி (ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி). பணம் கேட்பது இந்த எண்ணுக்கு இல்லை.

நடுக்கூடம் சிவப்புக் காவி போட்ட சிமெண்ட் தரை. கழுவியதும் பழையபடி ஆகிவிட்டது, ஆக அங்கே சுத்தம் செய்த கூலி மட்டும். சமையலறை டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பார்த்தோம். அடியில் மண் அரித்துப்போன இடத்தில் "டொக் டொக்" என்று பொள்ளல் சத்தம் வரும். 1.5க்கு 1.2 மீட்டர் அளவுக்கு அப்படி வந்தது, 1.8 சதுர மீட்டர். சாக்பீஸால் எல்லை போட்டுப் படம் எடுத்தோம்.

முன்னறைதான் வேடிக்கை. ஐந்து செ.மீ. தண்ணீர்தான், ஆனால் அது பழைய காலத்துப் பலகைத் தரை. பலகைக்குக் கீழே உள்ள வெற்றிடம் முழுக்கத் தண்ணீர் நிரம்பி, அடியிலிருந்து ஊறியிருக்கிறது. வெள்ளம் வடிந்த வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பலகைகளின் ஓரங்கள் எழும்பி, நடு குழிந்து, கதவு தரையில் உரச ஆரம்பித்தது. 10.8 சதுர மீட்டரும் மாற்ற வேண்டியதாயிற்று. சேதமான பரப்பு மொத்தம் 12.6 சதுர மீட்டர், சுமார் 136 சதுர அடி.

பலகைத் தரை உள்ளவர்களுக்கு ஒன்று: சர்வேயர் முதல் தடவை வரும்போது "மரத் தரையின் சேதம் காய்ந்த பிறகே முழுதாகத் தெரியும், மறுபார்வை தேவை" என்று எழுத்தில் கொடுங்கள். குன்னூர்ப் பனிமூட்டத்தில் மரம் காய வாரக்கணக்கில் ஆகும். ஓரத்தில் ஒரு பலகையைக் கழற்றிக் கீழே காற்றோட்டம் விடுங்கள். ஆனால் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் பெயர்த்து எறியாதீர்கள். எறிந்தே தீரவேண்டும் என்றால் படமெடுத்து, ஒரு துண்டையாவது எடுத்து வையுங்கள்.

## 7. அறிக்கையும் சேர்க்கவேண்டிய தாள்களும்

அறிக்கை இரண்டு பக்கத்தைத் தாண்டவேண்டாம். முதலில் இடம், தேதி, படம் யார் எப்போது எடுத்தது. அடுத்து நான்கு பிக்சல் எண்கள், டேப் அளவுகள், மேலே உள்ள மூன்று வரிக் கணக்கு. பிறகு கையால் வரைந்த தரைப்படம். ஒவ்வொரு அறையிலும் தரை மட்டம், நீர் ஆழம், உள்ளளவு, தரை வகை. கடைசியில் நனைந்த பரப்பும் சேதமான பரப்பும் தனித்தனி வரியில். "மிகக் கடுமையான பாதிப்பு" போன்ற வர்ணனையை விட்டுவிடுங்கள். அளந்ததை அளந்தது என்றும், கணக்கிட்டதைக் கணக்கிட்டது என்றும் பிரித்துக் காட்டுங்கள்.

கூட வைக்கவேண்டியவை: பாலிசி நகல், நிரப்பிய கிளைம் படிவம், வீட்டுவரி ரசீது அல்லது பத்திர நகல் (வாடகை என்றால் ஒப்பந்தம்), கிராம நிர்வாக அலுவலரிடம் வெள்ளம் புகுந்ததற்கான சான்று, அன்றைய மழை பற்றிய பத்திரிகைச் செய்தி, ஆசாரியிடமும் கொத்தனாரிடமும் வாங்கிய மதிப்பீடு, வங்கிப் புத்தக நகல். மதிப்பீட்டில் உள்ள சதுர அடியும் அறிக்கையில் உள்ள சதுர அடியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எங்கள் ஆசாரி வழக்கப்படி வீணாகும் மரத்தையும் சேர்த்து 130 சதுர அடி என்று எழுதியிருந்தார், முன்னறையோ 116தான். வீண்கணக்கைத் தனி வரியாக மாற்றி வாங்கினோம்.

செலவைப் பொறுத்தவரை, சர்வேயர் கட்டணம் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு. உங்களிடம் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் அறிக்கையில் பொறியாளர் கையெழுத்து கட்டாயமில்லை. தொகை பெரிது என்றால் வாங்குவது நல்லது. ஊரில் ஒரு சிவில் இன்ஜினியர் வந்து எங்கள் அளவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திட 2,500 ரூபாய் வாங்கினார். பாலிசியில் நீங்களே ஏற்கவேண்டிய தொகை என்று ஒரு வரி இருக்கலாம், அதை இப்போதே படித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பணம் வரும்போது ஏன் குறைகிறது என்று குழம்புவீர்கள்.

## 8. எண்ணைக் குறைத்தால்

சர்வேயர் ஆழத்தைக் குறைத்து எழுதினால், எந்த அளவை வைத்து என்று எழுத்தில் கேளுங்கள், அவருடைய அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எங்களிடம் அவர் முதலில் 53-ஐத்தான் நீட்டினார், நிலையின் உயரத்தை மட்டும் வைத்துப் போட்ட அதே கணக்கு. பீரோக் கோட்டைக் காட்டினோம். 53 என்றால் நடுக்கூடத்தில் 15 செ.மீ.தான் வரவேண்டும், துரு 23-இல் நிற்கிறதே என்று கேட்டதும் தானே டேப்பை வாங்கி அளந்து பார்த்துவிட்டு மாற்றிக்கொண்டார்.

அப்படியும் முடியவில்லை என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்கிறார்கள். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போகவேண்டும். அங்கேயும் அசல் படக் கோப்பும் தரைப்படமும் தேவைப்படலாம், அதனால் போனை மாற்றும்போது அந்தக் கோப்பை வேறு இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.